ஃபில்டர் காயும்வரை பொறுங்கள்

வாக்யூம் கிளீனர் தரையில் கிடக்கும் அரிசியைக்கூட இழுக்காமல் உருட்டித் தள்ளுகிறது, சத்தம் மட்டும் முன்பைவிடக் கீச்சென்று கேட்கிறது என்றால், மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். காற்று வரும் வழி அடைபட்டால் உள்ளே இருக்கும் விசிறிக்குத் தள்ளக் காற்று கிடைக்காது. சுமை குறைந்து இன்னும் வேகமாகச் சுற்றும். கீச்சொலிக்குக் காரணம் அதுதான். குழாயைக் கழற்றிவிட்டு, மெஷினின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே பலமாக இழுத்தால் அடைப்பு குழாயிலோ பிரஷ்ஷிலோ இருக்கிறது. அங்கேயும் இழுவை இல்லையென்றால் ஃபில்டரைப் பார்க்க வேண்டும்.

பை இல்லாத, பிளாஸ்டிக் டப்பா வைத்த மாடல்களில் மோட்டாருக்கு முன்னால் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர் இருக்கும். முடியும் நூலும் டப்பாவிலேயே தங்கிவிடும்; ஸ்பாஞ்சை அடைப்பது மாவு போன்ற தூசி. பெயின்ட் அடிக்கும் முன் பட்டி பார்த்த சுவரைத் தேய்ப்பார்களே, அந்த வெள்ளைத் தூளை ஒருமுறை இழுத்தாலே போதும், ஸ்பாஞ்சு கனத்துவிடும். கோலமாவும் முகப்பவுடரும் இதே ரகம்.

கழுவுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்பாஞ்சைக் குப்பைத்தொட்டிக்குள் தட்டி, பிறகு குழாயடியில் பச்சைத்தண்ணீரில் பிழியுங்கள். முறுக்கினால் கிழியும். முதலில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் வரும். தெளியும்வரை பிழிய வேண்டும். சோப்பு வேண்டாம், அதன் பிசுக்கு ஸ்பாஞ்சில் தங்கி, அடுத்த தூசியை அப்படியே ஒட்டவைத்துக்கொள்ளும்.

டப்பாவுக்குச் சோப்புத் தண்ணீர் தாராளமாகப் போடலாம். முடை நாற்றத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான்: உணவுத் துணுக்கு, தோல் செதில், நாய் பூனை முடி எல்லாம் ஈரத்தோடு சேர்ந்து ஊறிக் கிடக்கும். நடுவில் இருக்கும் சல்லடையைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பலர் கோட்டை விடுவது காயவைப்பதில்தான். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே மாட்டினால் பூஞ்சை பிடித்து, கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான நாற்றம் வரும். ஈரம் மோட்டாருக்கும் ஆகாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் 24 மணி நேரம் வையுங்கள். ஐப்பசி மழையில் 48 மணி நேரம்கூட ஆகும். ஒரு காகிதக் கைக்குட்டையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஈரத்தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. அவசரம் என்று ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் தூசி நேரே மோட்டாருக்குள் போகும்.

காற்று வெளியேறும் பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெபா ஃபில்டர் வேறு சங்கதி. கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் தண்ணீர் காட்டலாம். இல்லாவிட்டால் மெல்லத் தட்டலாம், அவ்வளவுதான். கறுத்து அடைத்துப்போனால் புதிது வாங்க வேண்டியதுதான்.

எல்லாம் மாட்டிய பிறகும் இழுவை திரும்பவில்லையா? டப்பா மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். அதில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தால்கூட அந்த இடுக்கு வழியாகக் காற்று கசியும்.