தீவுகளில் தணிக்கையாளர் வருகை

நிறுவனங்களின் கணக்கு ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் முடிகிறது. அதன்பின் வெளித் தணிக்கையாளர் வருகை தருவார். பெருநிலத்திலே நாள் குறிப்பது எளிது. தவறினால் மறுநாள் வரலாம். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலோ நாளைக் குறிப்பது அலுவலகம் மட்டுமன்று. கப்பலும் பருவ மழையுமே பெரும்பாலும் அதனை முடிவு செய்கின்றன.

1988-இல் நிறுவப்பெற்ற அந்தமான் நிக்கோபார் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம் போன்ற அரசு நிறுவனங்களுக்குத் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, தணிக்கையாளரின் அறிக்கை கிடைத்த 60 நாட்களுக்குள் அவர் துணைத் தணிக்கை நடத்தலாம். ஆண்டுப் பொதுக்கூட்டமோ செப்டம்பர் 30-க்குள் நடைபெற வேண்டும். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பும் தேவை. ஆகவே பின்னிருந்து முன்னாகக் கணக்கிடுவோம். அறிவிப்பு செப்டம்பர் முதல் வாரத்தில் செல்ல வேண்டுமாயின், தணிக்கையாளர் ஜூலை முதல் வாரத்திற்குள் கையொப்பமிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தின் பிற்பகுதியில் இத்தீவுகளை எட்டிவிடுகிறது. எனவே வெளித்தீவுப் பயணத்தை ஏப்ரலிலேயே முடித்துக்கொள்வது அறிவுடைமை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் தலைமை அலுவலகமும், ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தெற்கே கார் நிக்கோபாரில் ஒரு பண்டகசாலையும் உடைய நிறுவனம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கு 6 நாள், பண்டகசாலைக்கு 2 நாள், விற்பனைப் பிரிவுக்கு 2 நாள், கொள்முதலும் கப்பல் சரக்கும் கவனிக்கும் பிரிவுக்கு ஒரு நாள், ஊதியப் பிரிவுக்கு ஒரு நாள் என 12 நாள் ஒதுக்கலாம். கார் நிக்கோபாரில் வேலை இரண்டே நாள். ஆயினும் போக்குவரவையும் திரும்பும் கப்பலையும் எண்ணி 6 நாள் ஒதுக்க வேண்டும். இடையிலுள்ள பத்துப் பாகைக் கால்வாய் கொந்தளித்தால் கப்பல் தாமதப்படும். அங்கே செல்ல 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி முன்னனுமதியும் பெற வேண்டும். அவ்விண்ணப்பத்தைக் கப்பல் சீட்டுக்கு முன்பே அனுப்புக.

மார்ச் 31 அன்று அந்தத் தொலைத்தீவில் தணிக்கையாளர் இருப்பது அரிது. அதனால் அன்று ஊழியரே சரக்கை எண்ணிப் பட்டியலிட்டுக் கையொப்பமிட வேண்டும். தணிக்கையாளர் ஏப்ரல் 6-இல் வந்து மறுபடி எண்ணுகிறார் என்க. அரிசி மூட்டை 412 இருக்கிறது. ஏப்ரல் ஒன்றிலிருந்து அன்றுவரை வழங்கியது 58. வந்து சேர்ந்தது 30. வழங்கியதைக் கூட்டி, வந்ததைக் கழித்தால் மார்ச் 31-இன் இருப்பு 440 ஆகும். பேரேடு 446 என்று காட்டினால் ஆறு மூட்டைகளுக்கு விடை தேடியாக வேண்டும்.

இம்முறை செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இடைப்பட்ட நாட்களின் வழங்கல் சீட்டுகளும் வரவுச் சீட்டுகளும் வரிசை எண் பிசகாமல், அன்றன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். எண் விடுபட்டிருந்தால் கணக்கைப் பின்னோக்கித் திருப்ப இயலாது. கப்பல் கரை சேர்ந்த நாளுக்கு முந்திய தேதியில் வரவுச் சீட்டு இருந்தால், அது பிற்பாடு எழுதப்பட்டது என்று ஐயுறத் தகும்.

அடுத்து, கடலில் வரும் சரக்கு. சென்னையிலிருந்து மார்ச் 29 அன்று புறப்பட்ட சிமெண்டு ஏப்ரலில்தான் வந்து சேரும். கப்பலில் ஏற்றியவுடன் சரக்கு நமக்கு உரியது என்று ஒப்பந்தம் கூறுமாயின், பண்டகசாலையில் இல்லாவிடினும் அது இவ்வாண்டின் இருப்பே. அதன் விலை இவ்வாண்டின் கடனே. பட்டியலை மட்டும் பதிந்து சரக்கை விட்டுவிட்டால் இலாபம் குறைந்து தோன்றும். சரக்கை மட்டும் சேர்த்துக் கடனை விட்டுவிட்டால் மிகுந்து தோன்றும். ஆகவே கப்பல் சரக்குச் சீட்டு, விற்பவரின் பட்டியல், கப்பல் வந்த நாள், பண்டகசாலை வரவுச் சீட்டு ஆகிய நான்கையும் ஒரே கட்டாகச் சேர்த்து வைத்தல் நன்று.

மற்றைய பிரிவுகளிலே ரொக்கப் புத்தகம், வங்கிக் கணக்கு ஒப்பீட்டுப் பட்டியல், கடன் நிலுவைப் பட்டியல், ஊதியப் பதிவேடு, சென்ற ஆண்டுத் தணிக்கை ஆட்சேபங்களும் அவற்றுக்கான விடைகளும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மூன்று வாரத்திற்கு முன்பே ஒவ்வொரு பிரிவுக்கும் எழுத்து மூலம் அறிவித்து, பொறுப்பாளர் ஒருவரையும் அவர் இல்லாதபோது பொறுப்பேற்பவரையும் குறித்துவிடுக. தலைமை அலுவலகத்தில் ஒரு தாள் மறந்தால் அதை மாலைக்குள் தேடிவிடலாம். கார் நிக்கோபாரில் மறந்தாலோ, அதற்காக மற்றொரு கப்பலுக்குக் காத்திருக்க நேரும்.