மளிகைக் கடைக்கு ஒரு விற்பனைப் பலகை

கணினியில் பில் போடும் மளிகைக் கடையில் விற்பனைக் கணக்கு ஏற்கெனவே வரிவரியாகச் சேர்ந்திருக்கிறது. பில்லிங் மென்பொருள்கள் பெரும்பாலும் அதை எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாகத் தரும். தேதி, பில் எண், பொருள், அளவு, விலை, தொகை என்று ஒரு வரிக்கு ஒரு பொருள் இருந்தால் போதும். கூகுள் ஷீட்ஸில் அதை Sales என்ற தாளில் இட்டு, Daily என்ற இன்னொரு தாளில் நாள்வாரியாகக் கூட்டி, அதிலிருந்து படங்கள் வரையலாம்.

வேலை கெடுவது பெரும்பாலும் தேதியில்தான். தாளின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 03/04/2025 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2025 தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஏப்ரல் கணக்கை மட்டும் ஏற்றிய படத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் 4ஆம் தேதியில் மட்டும் புள்ளி தெரிந்தால் காரணம் இதுவே. தேதிப் பத்தியில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்பது இன்னொரு அடையாளம். File, Settings வழியாக Locale-ஐ India என்று மாற்றிய பிறகு கோப்பை மறுபடி ஏற்ற வேண்டும். தவறாக மாறிய தேதிகள் தாமாகத் திருந்தா.

Daily தாளில் A பத்தியில் தேதிகள், B-யில் அன்றைய விற்பனை, C-யில் கிழமை எண் (ஞாயிறு 1):

```
B2: =SUMIFS(Sales!F:F, Sales!A:A, A2)
C2: =WEEKDAY(A2)
```

தேதியோடு நேரமும் ஒரே கட்டத்தில் இருந்தால் B-யில் பூஜ்யமே வரும். நேரத்தை முதலில் பிரித்துவிட வேண்டும். பிறகு B பத்தியின் மாதக் கூட்டுத்தொகை, பில்லிங் மென்பொருளின் மாத அறிக்கையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கூடுதலாக இருந்தால் ரத்தான பில்கள் கழியவில்லை, அல்லது ஒரே நாள் இருமுறை ஏறியிருக்கிறது. இது சரியாகும்வரை படம் வரையாமலிருப்பதே நல்லது.

தினசரி விற்பனைக்குக் கோட்டுப்படம் போதும். எந்தக் கிழமைக்குக் கூடுதல் சரக்கு வேண்டும் என்பதைக் காட்டும் பட்டைப்படமே கடைக்காரருக்கு அதிகம் உதவும். அதற்குக் கூட்டுத்தொகை ஆகாது, சராசரி வேண்டும். 2025 ஏப்ரலில் செவ்வாயும் புதனும் ஐந்து முறை வந்தன, மற்றவை நான்கு முறை. எல்லா நாளும் ஒரே அளவு விற்றிருந்தாலும் கூட்டுத்தொகையில் அந்த இரண்டும் கால் பங்கு உயர்ந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமையின் சராசரி:

```
=AVERAGEIF(C2:C31, 1, B2:B31)
```

கடை அடைத்த நாட்களின் வரிகளை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூஜ்யங்கள் சராசரியை இழுத்துவிடும்.

அதிகம் விற்கும் பத்துப் பொருட்களுக்குக் கிடைமட்டப் பட்டைகளே ஏற்றவை, நீளமான பெயர்களுக்கும் இடம் கிடைக்கும். ‘து.பருப்பு’, ‘துவரம் பருப்பு’ என்று ஒரே பொருள் இரண்டாகப் பிரிந்திருந்தால் பொருள் குறியீட்டை வைத்துக் கூட்டலாம். தொகையில் முதலிடம் பிடிப்பது பெரும்பாலும் அரிசியும் எண்ணெயும்தான். லாபத்திலும் அவையே முதல் என்று கொள்ளக் கூடாது. அதை அறியக் கொள்முதல் விலைக்கு ஒரு பத்தி வேண்டும். கடனுக்குக் கொடுத்த சரக்கும் விற்பனையில் சேர்ந்திருப்பதால், பலகையின் தொகையும் கல்லாவில் உள்ள பணமும் ஒத்துப்போகாது. வரவை வேறு தாளில் வைக்க வேண்டும்.