இரண்டாம் தொகுதிக் கார்பனேட்டு, சல்பேட்டுகளின் எதிரெதிர்ப் போக்கு

சேலத்து மேக்னசைட்டு 600° செல்சியசை எட்டும் முன்பே சிதையத் தொடங்குகிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லுக்கு ஏறத்தாழ 900° தேவை. சிதைவில் கார்பனேட்டு ஆக்சைடாகிறது. ஆக்சைடு அயனி சிறியது. ஆகவே நேரயனி பருக்கப் பருக்க, ஆக்சைடின் படிகக்கூடு ஆற்றல் கார்பனேட்டினதைவிட விரைந்து குறைகிறது: மெக்னீசியத்தில் மோலுக்குச் சுமார் 3800 கிலோஜூல், பேரியத்தில் 3050. சிதைவின் ஆதாயம் சுருங்குவதால் கார்பனேட்டின் நிலைப்புத்தன்மை கூடுகிறது.

சல்பேட்டு கரையும்போது படிகக்கூடு ஆற்றலை ஈடுசெய்வது நீரேற்ற ஆற்றல். படிகக்கூடு ஆற்றலின் குறைவை மட்டும் நோக்கினால், பேரியம் சல்பேட்டே எளிதில் கரையும் என்ற பிழையான முடிவே கிட்டும். சல்பேட்டு அயனி பெரியதாதலால் அக்குறைவு மெதுவானது. நேரயனியின் நீரேற்ற ஆற்றலோ சுமார் 1900இலிருந்து 1300 கிலோஜூலுக்கு வீழ்கிறது. இதனால் எப்சம் உப்பு தாராளமாகக் கரைய, ஜிப்சம் லிட்டருக்கு இரண்டரைக் கிராம் அளவிலும், பேரியம் சல்பேட்டு சில மில்லிகிராம் மட்டுமே கரைகின்றன.