மணி அடிப்பதற்கு முன் அரை மணி நேரம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கல்லூரி அரங்கில் 96 மாணவர்கள், அணிக்கு நான்கு பேராக 24 அணிகள். மடிக்கணினிகள் திறந்தே இருக்கின்றன, எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு இடம் பிடித்தாகிவிட்டது. மறுநாள் காலைக்குள் ஏதாவது ஒன்றைச் செய்து, இயக்கிக் காட்ட வேண்டும். மேடையில் மைக்கைப் பிடித்து நிற்பவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதில் அவர் சொல்லாமல் விட்டது எதுவோ, அதுதான் மறுநாள் காலை நடுவர் மேசை முன்னால் சண்டையாக வந்து நிற்கும்.

ஹேக்கத்தான் என்ற பெயர் 1999இல் பிறந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம், ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் சிலர் கனடாவின் கால்கரி நகரில் ஒன்றாக உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் இது. அங்கே பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. நம் கல்லூரிகளுக்கு இந்தச் சொல் பழக்கமானதற்கு முக்கியக் காரணம், 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். அதில் அணிக்கு ஆறு பேர், மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். கல்லூரிகள் தாங்களே நடத்தும் போட்டிகள் பெரும்பாலும் 24 மணி நேரம். நாம் எடுத்துக்கொள்ளப்போவது அப்படியொரு போட்டியின் தொடக்கம்.

தலைப்பு: ஊரளவு வேண்டாம், தெருவளவு போதும்

‘தண்ணீர்’ என்று தலைப்பை அறிவித்தால் அரங்கம் கைதட்டும். ஆனால் அடுத்த நான்கு மணி நேரம் எல்லா அணியும் எதைச் செய்வது என்று பேசிக்கொண்டே இருக்கும். 24 மணியில் நான்கு போனால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. அதனால் தலைப்பை அறிவிப்பவர் அதற்குள் ஒரு மனிதரையும் அவருடைய ஒரு சிரமத்தையும் காட்ட வேண்டும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கிராமத்தில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக் குழாய்க்குத் தண்ணீர் விடுகிறார் டேங்க் ஆபரேட்டர். கரண்ட் எப்போது வருகிறதோ அதைப் பொறுத்து மோட்டார் போடும் நேரம் மாறும். மோட்டார் போடும் நேரம் மாறினால் தண்ணீர் விடும் நேரமும் மாறும். இது தெரியாமல் குழாயடியில் குடத்தோடு காத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. இந்தக் காத்திருப்பைக் குறைக்க என்ன செய்வீர்கள்?”

இதில் யாருக்காக, எந்தச் சிரமம் என்ற இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதாக எல்லையையும் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் கையில் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன். ஊராட்சியிடம் இதற்கென்று தனிப் பணம் இல்லை. ஊரில் எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் கிடையாது. எல்லையைச் சொன்னால் மாணவர்களின் கற்பனை சுருங்கிவிடும் என்று சில ஆசிரியர்கள் அஞ்சுவார்கள். நடப்பது வேறு. தொட்டிக்கு ஆயிரக்கணக்கான ரூபாயில் சென்சார் வைக்கலாம் என்று கிளம்பியிருக்கும் அணி, ‘சென்சார் இல்லாமல் எப்படி?’ என்று யோசிக்கத் தொடங்கும். நல்ல யோசனைகள் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

விதிகள்: காரணத்தோடு சொன்னால் நிற்கும்

இருபது விதிகளைத் திரையில் ஓடவிட்டால் ஒன்றும் மனதில் தங்காது. கைக்குக் கொடுக்கும் தாளில் எல்லாமே இருக்கட்டும். மேடையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை, தகராறு வரக்கூடிய மூன்று.

முதலாவது, பழைய வேலை. மணி அடித்த பிறகு எழுதியதுதான் கணக்கில் வரும். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் லைப்ரரிகளைப் பயன்படுத்தலாம். போன செமஸ்டர் புராஜெக்டைப் பெயர் மாற்றிக் கொண்டுவரக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்தேகம் கட்டாயம் எழும்: “சார், நான் முன்பே எழுதிய லாகின் பக்கத்தைப் போடலாமா?” இதற்கான பதிலைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘போடலாம், ஆனால் எது பழையது என்று விளக்கத்தில் எழுத வேண்டும், அதற்கு மதிப்பெண் கிடையாது’ என்பது நியாயமான பதில். இதை எப்படிச் சரிபார்ப்போம் என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். ஒவ்வோர் அணியும் மணி அடித்ததும் புதிய ரெப்போ தொடங்க வேண்டும். முடிவில் ஒருவர் இதை ஓட்டிப் பார்ப்பார்:

```
git log --reverse --date=iso --format="%ad %s"
```

எந்த நேரத்தில் என்ன சேர்ந்தது என்பது பழையதிலிருந்து புதியதாக வரிசையாகத் தெரியும். முதல் பத்து நிமிடத்திலேயே முழுச் செயலியும் உள்ளே வந்திருந்தால் கேள்வி கேட்கலாம். ஆனால் இந்தத் தேதிகளை மாற்றி எழுதவும் முடியும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. நான்காம் மணியிலும் பன்னிரண்டாம் மணியிலும் ஒரு வழிகாட்டி ஒவ்வொரு மேசையிலும் இரண்டு நிமிடம் நின்று, எதுவரை வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வது அதைவிட உறுதியான சாட்சி.

இரண்டாவது, நிறுத்தும் நேரம். ‘நாளைக் காலை ஒன்பதரை’ என்று சொன்னால் போதாது. ஒன்பதரைக்குப் பிறகு ரெப்போவில் சேர்ந்தவை பார்க்கப்படாது, எந்தக் கடிகாரத்தின் ஒன்பதரை, வைஃபை விழுந்தால் என்ன செய்வது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் 24 அணிகளும் ஒரே நேரத்தில் வீடியோவை ஏற்றினால் கல்லூரி வைஃபை படுத்துவிடும். ஆகவே எட்டரைக்கே ஒரு பிரதியைக் கட்டாயம் ஏற்றச் சொல்வதும், அதன்பின் ஒன்பதரை வரை திருத்த விடுவதும் நல்லது. கடைசி நிமிடத்தில் இணைப்பு போனாலும் யாருடைய உழைப்பும் வீணாகாது.

மூன்றாவது, மற்றவர்களுடைய தகவல். சோதித்துப் பார்ப்பதற்காக ஊர் மக்களின் உண்மையான போன் எண்களைச் சேகரிக்கக் கூடாது. சொந்த எண்ணும் கற்பனைப் பெயர்களும் போதும்.

வழிகாட்டிகள்: பட்டம் வேண்டாம், பயன் சொல்லுங்கள்

வழிகாட்டியின் பட்டங்களையும் பணி அனுபவத்தையும் வாசித்து முடிக்கும்போது மாணவர்களுக்கு மிஞ்சுவது கைதட்டல் மட்டுமே. அவர்களுக்குத் தெரிய வேண்டியது, எந்தச் சிக்கலுக்கு யாரிடம் போவது, அவர் எத்தனை மணி வரை இருப்பார், எங்கே உட்கார்ந்திருப்பார். “சர்வர், டேட்டாபேஸ் மாட்டிக்கொண்டால் மூன்றாம் மேசையில் இருக்கும் அக்காவிடம் போங்கள், இரவு பதினோரு மணி வரை இருப்பார்” என்ற ஒரு வரி, முழுப் பக்க அறிமுகத்தைவிட உதவும். வழிகாட்டி பிழையைக் கண்டுபிடிக்க உதவுவார், நிரலைத் தானே எழுதித் தரமாட்டார் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தட்டச்சுப் பலகையை அவர் பக்கம் நகர்த்தும் அணியிடம் மறுப்பது அவருக்குச் சங்கடம்.

வழிகாட்டிகளில் ஒருவர், சிரமத்தின் நடுவே வாழ்பவராக இருக்க வேண்டும். நம் தலைப்புக்கு அவர் டேங்க் ஆபரேட்டர். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை அவர் இருந்தாலே போதும். வால்வைத் திறக்கும்போது கை ஈரமாக இருக்கும், போனில் நான்கு திரை தாண்டித் தட்ட முடியாது என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும்.

நுட்ப வழிகாட்டிகள் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: 24 மணி நேரத்தில் திறக்காத கதவுகள் எவை என்பது. இந்தத் தலைப்பைக் கேட்டதும் பாதி அணிகள் ‘எஸ்எம்எஸ் அனுப்புவோம்’ என்றுதான் நினைப்பார்கள். ஆனால் இந்தியாவில் செயலியிலிருந்து வணிக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு, டிராய் விதிகளின்படி டிஎல்டி என்ற தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் எல்லாவற்றையும் முன்கூட்டிப் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். ஓர் இரவில் நடக்கிற காரியமில்லை. இதை நள்ளிரவில் கண்டுபிடிக்கும் அணி உடைந்துபோகும். காலையிலேயே தெரிந்த அணி, டெலிகிராமில் `@BotFather` மூலம் சில நிமிடங்களில் ஒரு பாட் உருவாக்கி அதில் செய்து காட்டும். எஸ்எம்எஸ் பிறகு வரும் என்று நடுவரிடம் விளக்கும்.

மதிப்பெண்: முதல் நாளே கணக்கைக் காட்டுங்கள்

தொடக்க நிகழ்ச்சியில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். அளவுகோல்களின் பெயர்களை மட்டும் சொன்னால் போதாது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்றும் சொல்ல வேண்டும். ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதல் அணி வரைபடம், முன்கணிப்பு என்று பெரிய செயலியைத் திட்டமிட்டது. முடிவில் இயங்கியது லாகின் மட்டும். இரண்டாம் அணி ஒரே ஒரு பொத்தான் செய்தது. ஆபரேட்டர் அதை அழுத்தினால் ‘மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் திறந்தாயிற்று’ என்று தெருக் குழுவுக்குச் செய்தி போகும். நடுவர்கள் பத்துக்கு இவ்வளவு என்று போட்டார்கள். சிரமத்தைப் புரிந்துகொண்டது, இயங்குவது, எளிமை, புதுமை, விளக்கம் என்ற வரிசையில் முதல் அணிக்கு 5, 3, 6, 9, 9. இரண்டாம் அணிக்கு 9, 10, 9, 4, 7.

எடை அதே வரிசையில் 30, 30, 20, 10, 10 என்று இருந்தால் முதல் அணிக்கு நூற்றுக்கு 54, இரண்டாம் அணிக்கு 86. அதே மதிப்பெண்களை வைத்துக்கொண்டு புதுமைக்கு 40, விளக்கத்துக்கு 30, மற்ற மூன்றுக்கும் பத்துப் பத்து என்று மாற்றினால் முதல் அணிக்கு 77, இரண்டாம் அணிக்கு 65. அணிகளும் அவை செய்த வேலையும் அதேதான். எடை மாறியதில் வெற்றி கைமாறிவிட்டது.

இரண்டில் எது சரி என்பது நடத்துபவர் எதை வளர்க்க விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் எடையை முன்பே சொல்லாமல் வைத்திருந்தால் மாணவர்கள் 24 மணி நேரத்தை இருட்டில் செலவழிக்கிறார்கள். ‘இயங்குவதற்கு 30’ என்று காலையிலேயே தெரிந்திருந்தால் முதல் அணியும் நள்ளிரவில் முன்கணிப்பைக் கைவிட்டு ஒரு பாதையையாவது ஓட வைத்திருக்கும்.

நடுவர்கள் பார்க்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அணிக்கு மூன்று நிமிட டெமோ, இரண்டு நிமிடக் கேள்வி, மாறுவதற்கு ஒரு நிமிடம் என்றால் 24 அணிகளுக்கு 144 நிமிடம். அவ்வளவு நேரம் ஒரே குழு பார்த்தால் கடைசி அணிக்கு நடுவரின் களைப்புதான் கிடைக்கும். எனவே மூன்று குழுக்கள், குழுவுக்கு எட்டு அணிகள், 48 நிமிடம். இதிலும் ஒரு குறை உண்டு: ஒரு குழு தாராளமாகவும் இன்னொரு குழு இறுக்கமாகவும் மதிப்பெண் போடலாம். அதனால் குழுக்களின் மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஒவ்வொரு குழுவிலிருந்தும் முதல் இரண்டு அணிகளை எடுத்து, அந்த ஆறு அணிகளையும் எல்லா நடுவர்களும் சேர்ந்து மறுபடி பார்ப்பது நியாயம். இதை முன்பே விளக்கிவிட்டால், ‘எங்களுக்குக் கடுமையான நடுவர் வாய்த்தார்’ என்ற வருத்தத்துக்கு இடம் குறையும்.

கடைசி ஐந்து நிமிடம் கேள்விகளுக்கு. ஒருவர் கேட்டதற்கான பதிலை எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கில் சொல்லி, பலகையிலும் எழுத வேண்டும். பிறகுதான் மணி. வரவேற்புரையும் பொன்னாடையும் நீண்டுபோய்த் தொடக்கம் தாமதமாகியிருந்தால் முடிவு நேரத்தையும் அதே அளவு தள்ள வேண்டும். மாணவர்களின் நேரத்திலிருந்து எடுக்கக் கூடாது.

மணி அடித்ததும் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் விசைப்பலகையைத் தட்டத் தொடங்கினால், தலைப்பு இன்னும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. டேங்க் ஆபரேட்டரைச் சுற்றி, “அண்ணே, நேற்று எத்தனை மணிக்குத் திறந்தீங்க?” என்று நோட்டும் பேனாவுமாக நாலைந்து அணிகள் நின்றால், அந்த அரை மணி நேரம் தன் வேலையைச் செய்துவிட்டது.