இரண்டு ஈஸ்ட், இரண்டு கோடு, நான்கு தீர்ப்பு

ஒரே உணவை நம்பி வாழும் இரண்டு இனங்களை ஒன்றாக விட்டால் இரண்டும் பிழைக்குமா, ஒன்று மற்றதை ஒழிக்குமா? 1920களில் அமெரிக்காவின் ஆல்ஃபிரட் லோட்காவும் இத்தாலியின் விட்டோ வால்டேராவும் இந்தக் கேள்வியைச் சமன்பாடாக எழுதினார்கள். அதைச் சோதனைக் குழாயில் சரிபார்க்க முனைந்தவர் மாஸ்கோவைச் சேர்ந்த இளம் உயிரியலாளர் கியோர்கி காவ்ஸ். 1932இல் அவர் இரண்டு ஈஸ்ட் இனங்களைப் பற்றி வெளியிட்ட எண்களைக் கையில் வைத்துக்கொண்டால், போட்டி மாதிரியின் எல்லா முடிவுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்துவிடலாம்.

முதல் இனம் சாக்கரோமைசிஸ், நாம் ரொட்டிக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட். இரண்டாவது ஸ்கைசோசாக்கரோமைசிஸ். இனிச் சாக்கரோ, ஸ்கைசோ என்றே அழைப்போம். ஆக்சிஜன் குறைந்த குழாயில் தனியாக வளரவிட்டபோது, காவ்ஸின் அளவுமுறையில் சாக்கரோ 13 அலகு வரை வளர்ந்தது, ஸ்கைசோ 5.8 அலகோடு நின்றது. இவைதான் தாங்குதிறன்கள், K1, K2. இரண்டையும் நிறுத்தியது முக்கியமாக அவையே வெளியிட்ட ஆல்கஹால்.

சேர்த்து வளர்த்தபோது ஒவ்வொன்றும் மற்றதன் வளர்ச்சியைக் குறைத்தது. அந்தப் பாதிப்பைச் சொல்வது போட்டிக் குணகம். ஒரு அலகு ஸ்கைசோ, 3.15 அலகு சாக்கரோ அளவுக்குச் சாக்கரோவின் இடத்தை அடைக்கிறது: α = 3.15. ஒரு அலகு சாக்கரோ ஸ்கைசோவின் இடத்தில் 0.439 அலகை அடைக்கிறது: β = 0.439. சமன்பாடுகள் இவை:

```
dN1/dt = r1 N1 (K1 − N1 − α N2) / K1
dN2/dt = r2 N2 (K2 − N2 − β N1) / K2
```

கோடு வரைவது எப்படி

சாக்கரோவின் அளவைக் கிடை அச்சிலும் ஸ்கைசோவின் அளவைச் செங்குத்து அச்சிலும் வைப்போம். தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலவை. எந்தக் கலவைகளில் சாக்கரோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை? முதல் சமன்பாட்டின் அடைப்புக்குறிக்குள் இருப்பது பூச்சியமாகும் இடங்களில்: N1 + αN2 = K1. இது ஒரு நேர்கோடு. இதுதான் சாக்கரோவின் ஐசோக்ளைன்.

நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும். ஸ்கைசோ இல்லையென்றால் சாக்கரோ 13இல் நிற்கும். சாக்கரோ ஏறத்தாழ இல்லாத நிலையில், அதைத் தலையெடுக்க விடாமல் தடுக்க ஸ்கைசோ 13/3.15, அதாவது 4.13 அலகு இருந்தால் போதும். இரண்டு புள்ளிகளையும் இணையுங்கள். இதேபோல் ஸ்கைசோவின் கோடு செங்குத்து அச்சை 5.8இலும், கிடை அச்சை 5.8/0.439, அதாவது 13.21இலும் தொடும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். K1 சாக்கரோவின் அச்சில் இருக்கும், ஆனால் K1/α ஸ்கைசோவின் அச்சில் இருக்கும். குழப்பமாக இருந்தால், “இந்த அளவை எந்த இனத்தின் எண்ணிக்கையாக அளக்கிறேன்?” என்று கேட்டுக்கொண்டால் சரியான அச்சு தெரிந்துவிடும்.

அடுத்தது அம்புகள். சாக்கரோவின் கோட்டுக்கு உள்ளே, அதாவது மூலப்புள்ளியின் பக்கத்தில், சாக்கரோ வளரும், அம்பு வலப்பக்கம் போகும். வெளியே அது குறையும், அம்பு இடப்பக்கம் போகும். ஸ்கைசோவின் அம்புகள் அதன் கோட்டுக்கு உள்ளே மேலேயும், வெளியே கீழேயும் போகும். ஒரு கோட்டைக் கடக்கும்போது அந்தக் கோட்டுக்குரிய இனத்தின் அம்பு மட்டுமே திசை மாறும்.

காவ்ஸின் எண்களில் ஸ்கைசோவின் கோடு முழுவதும் சாக்கரோவின் கோட்டுக்கு வெளியே அமைகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஸ்கைசோ ஏறுகிறது, சாக்கரோ இறங்குகிறது. எந்தக் கலவையில் தொடங்கினாலும் முடிவு சாக்கரோ 0, ஸ்கைசோ 5.8. சாக்கரோவின் r ஏறத்தாழ 0.218, ஸ்கைசோவினுடையது 0.061. மூன்றரை மடங்கு வேகமாக வளரும் இனம் தோற்கிறது! கோடுகளின் சமன்பாட்டில் r இல்லவே இல்லை என்பதே காரணம். வேகம் பாதையின் வடிவத்தை மாற்றும், தொடக்கத்தில் சாக்கரோவை முன்னே காட்டும், ஆனால் இங்கே வெற்றியாளரை மாற்றாது.

நான்கு தீர்ப்புகள்

இதைக் கோடே வரையாமலும் சோதிக்கலாம். ஒரு இனம் தன் தாங்குதிறனில் நிரம்பியிருக்கும்போது, மற்றதில் ஒரு துளியை விட்டால் அது வளருமா? சாக்கரோ 13 இருக்கும்போது ஸ்கைசோ உணரும் நெரிசல் 0.439 × 13 = 5.71. இது 5.8ஐ விடக் குறைவு, ஆகவே ஸ்கைசோ நுழைந்துவிடும். ஸ்கைசோ 5.8 இருக்கும்போது சாக்கரோ உணரும் நெரிசல் 3.15 × 5.8 = 18.27. இது 13ஐ விட அதிகம், ஆகவே சாக்கரோவால் நுழைய முடியாது.

பொதுவாகச் சொன்னால், இந்தக் குழாயில் சாக்கரோ நுழைய α 13/5.8ஐ விட, அதாவது 2.24ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். ஸ்கைசோ நுழைய β 5.8/13ஐ விட, அதாவது 0.446ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு வாசல்களும் திறந்திருந்தால் மட்டுமே நிலையான உடன்வாழ்வு. உதாரணத்துக்கு α = 2, β = 0.4 என்று வையுங்கள். கோடுகள் சாக்கரோ 7, ஸ்கைசோ 3 என்ற புள்ளியில் வெட்டிக்கொள்ளும், நான்கு பகுதிகளின் அம்புகளும் கலவையை அந்தப் புள்ளியை நோக்கியே கொண்டுபோகும்.

கோடுகள் வெட்டிக்கொண்டாலே உடன்வாழ்வு என்று எழுதிவிடக் கூடாது. α = 3.15, β = 0.457 என்றாலும் கோடுகள் வெட்டும், ஆனால் இப்போது இரண்டு வாசல்களும் மூடியிருக்கின்றன. வெட்டும் புள்ளியிலிருந்து சற்று விலகினாலும் அம்புகள் கலவையை ஏதாவது ஒரு அச்சுக்குத் தள்ளிவிடும். யார் வெல்வார் என்பதைத் தொடக்கக் கலவைதான் முடிவு செய்யும். இந்த இரண்டையும் பிரிக்கும் அடையாளம் αβ. நிலையான உடன்வாழ்வுக்கு αβ ஒன்றுக்குக் கீழே இருந்தாக வேண்டும், அதாவது இரண்டு இனங்களும் சேர்ந்து பார்த்தால் அயல் இனத்தைவிடத் தன் இனத்தையே அதிகம் நெருக்க வேண்டும். காவ்ஸின் எண்களில் αβ = 1.38. ஆகவே தாங்குதிறன்கள் எப்படி மாறினாலும் அங்கே நிலையான உடன்வாழ்வு கிடையாது.

நான்காவது தீர்ப்பும் இதே ஈஸ்ட்களில் இருக்கிறது. காவ்ஸ் குணகங்களை இன்னொரு வழியிலும் பார்த்தார். ஒரு அலகு சாக்கரோவுக்கு 0.113, ஒரு அலகு ஸ்கைசோவுக்கு 0.247 என்ற அளவில் ஆல்கஹால் சேர்ந்தது. நெரிசல் ஆல்கஹாலால் மட்டுமே என்றால் α = 0.247/0.113 = 2.19, β அதன் தலைகீழி 0.457. இப்போது சாக்கரோவின் வாசல் திறக்கிறது, ஸ்கைசோவின் வாசல் மூடுகிறது. வெற்றி சாக்கரோவுக்கு! 0.439 எங்கே, 0.457 எங்கே, நடுவில் இருக்கும் எல்லையோ 0.446. இவ்வளவு சிறிய இடைவெளியில் தீர்ப்பே தலைகீழாவதால், குணகத்தைத் தனி எண்ணாக அல்ல, அளவீட்டுப் பிழையோடு சேர்ந்த ஒரு வீச்சாகவே எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

ஆல்கஹால் கணக்கில் αβ சரியாக 1 என்பதையும் கவனியுங்கள். கோடுகள் இணையாகிவிடும், வெட்டவே வெட்டா. கட்டுப்படுத்துவது ஒரே காரணி என்றால் உடன்வாழ்வுக்கு இடமில்லை என்பதை வடிவகணிதம் இப்படிச் சொல்கிறது.

இன்னொரு வரம்பும் உண்டு. கோட்டுக்கு வெளியே போன இனம் குறைந்துகொண்டே வரும் என்று மாதிரி சொல்கிறது. மூடிய குழாயிலோ ஆல்கஹால் ஏறியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது, இரண்டு இனங்களும் அப்படியே தங்கிவிடுகின்றன. அதை உடன்வாழ்வு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் காவ்ஸ் அடுத்ததாகப் பாரமீசியத்தை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் பத்தில் ஒரு பங்கை வெளியே எடுத்து, உணவைப் புதுப்பித்தார். ஆரேலியா இனத்தோடு விட்டபோது காடேட்டம் அழிந்தது. புர்சாரியா இனத்தோடு விட்டபோது இரண்டும் நிலைத்தன. காடேட்டம் மேலே மிதந்த பாக்டீரியாவை உண்டது, புர்சாரியா அடியில் படிந்த ஈஸ்ட்டை உண்டது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு உணவு கட்டுப்படுத்தியதால் குணகங்கள் சிறுத்தன, இரண்டு வாசல்களும் திறந்தன.