‘டொக்டர்’ என்ற சொல்லில் நாடு தெரியும்

இரண்டு கடைப் பலகைகளின் படம். ஒன்றில் ‘டொக்டர்’ என்று எழுதியிருக்கிறது, மற்றதில் ‘டாக்டர்’ என்று இருக்கிறது. இரண்டும் தமிழ்தான். ஆனால் முதலாவது நம் நாட்டுப் பலகை, மற்றது தமிழ்நாட்டுப் பலகை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் உயிரை நாம் ‘ஒ’வாகக் கேட்டு எழுதினோம், அவர்கள் ‘ஆ’வாகக் கேட்டு எழுதினார்கள். பொலிஸ், போலீஸ் என்பதும் இப்படித்தான். இலக்கணம் எதுவும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. பத்திரிகையும் பாடப்புத்தகமும் பழக்கிவிட்ட எழுத்து அது.

இதே வேலையை அறபு எழுத்துப் பலகைகளிலும் செய்யலாம் என்பது எனக்கு 2023 பெப்ரவரியில்தான் உறைத்தது. துருக்கியிலும் சிரியாவிலும் பூமி அதிர்ந்து சில நாட்கள் போயிருந்தன. எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு படம் வந்தது. இடிந்து சரிந்த மூன்று மாடிக் கட்டடம், அதன் கீழ்த்தளத்தில் முழுதாகத் தப்பிய ஒரு கடைப் பலகை. “சிரியாவில் நம் சகோதரர்களின் நிலை” என்று கீழே எழுதி, ஜும்ஆவுக்குப் பிறகு வசூல் என்றும் போட்டிருந்தார்கள். வசூல் செய்த தம்பி என்னிடம் படித்தவர். “அறபு எழுத்துத்தானே சேர், பாருங்க” என்றார். பார்த்தேன். எழுத்து அறபு எழுத்துத்தான், மொழி அறபு இல்லை.

நம்மில் பெரும்பாலோருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அதனால் எழுத்தைக் கண்டதும் அறபு நாடு என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் பாரசீகம், உருது, பஷ்தூ, குர்தி என்று பல மொழிகள் இந்த எழுத்தை வாங்கி, தங்கள் ஒலிகளுக்குப் புள்ளியும் வளையமும் சேர்த்துக்கொண்டன. நம் முன்னோர் அறபுத் தமிழுக்குச் செய்ததும் அதுதான். ஆகவே எழுத்தைப் பார்த்த பிறகு, எந்த மொழி என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அந்தப் பலகையின் முதற்சொல் தால், அலிப், றே, வாவ், பிறகு கே, அலிப், நூன், கடைசியில் ஹே. கூட்டி வாசித்தால் ‘தாரூகானா’. பாரசீகத்தில் மருந்துக்கடை. இதில் கவனிக்க ஒன்று உண்டு. பாரசீகத்தை அடையாளம் காண, மூன்று புள்ளி வைத்த ‘ப’வையும் ‘ச’வையும், மேலே இரட்டைக் கோடு போட்ட ‘க’வையும் தேடச் சொல்வார்கள். இந்தச் சொல்லில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. எட்டு எழுத்தும் நாம் மத்ரஸாவில் ஓதிய எழுத்துகளே. சிறப்பு எழுத்து இருந்தால் அறபு அல்ல என்று பெரும்பாலும் சொல்லலாம். இல்லை என்பதற்காக அறபு என்று சொல்ல முடியாது. சிரியாவில் மருந்துக்கடை ‘ஸைதலிய்யா’. அதன் கடைசியில் மேலே இரண்டு புள்ளியுள்ள வட்டத் தே நிற்கும். நம் படத்தில் இருந்தது புள்ளியற்ற ஹே.

ஆனால் பலமுறை கைமாறிய படத்தில் புள்ளிகள்தான் முதலில் அழிகின்றன. ஆகவே புள்ளியை மட்டும் நம்பக்கூடாது. எழுத்தின் உடம்பு எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் இரண்டாவது சொல் கைகொடுத்தது. ஈரானில் மருந்துக்கடைக்குப் பெரும்பாலும் அதை நடத்தும் மருந்தாளரின் பெயரை, முன்னால் ‘டொக்டர்’ சேர்த்து வைப்பார்கள். இந்தப் பலகையிலும் அப்படியே இருந்தது.

அறபியில் டொக்டர் என்று எழுதினால் தால், காப், தே, வாவ், றே என்று ஐந்து எழுத்து. ஈரானில் அந்த வாவ் கிடையாது, நாலே எழுத்து. வாவுக்குப் புள்ளி இல்லை, வளைந்த வால் உண்டு. படம் எவ்வளவு மங்கினாலும் அது இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். நம் படத்தில் இல்லை.

பாரசீகம் என்றாலே ஈரானா? ஆப்கானிஸ்தானிலும் தரீ என்ற பெயரில் அதே மொழி உண்டு. ஆனால் அங்கே தாலுக்கும் காபுக்கும் நடுவில் ஓர் அலிப் போட்டு, ‘டாக்டர்’ என்கிற மாதிரி எழுதுவார்கள். நமக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள அதே வேறுபாடு இன்னோர் எழுத்தில்! மருந்துக்கடையையும் அவர்கள் ‘தவாகானா’ என்பார்கள். உருதுவிலும் அந்த அலிப் வரும். ஆனால் தாலின் தலையிலும் தேயின் தலையிலும் தாஹா சூராவின் முதல் எழுத்தைச் சிறிதாக்கி ஏற்றியிருப்பார்கள். பஷ்தூவில் அந்த இரண்டு எழுத்தின் கீழும் ஒரு சிறு வளையம் தொங்கும். ஈராக் குர்திஸ்தானில் வாவ் வரும், அதன் தலையில் சிறகு விரித்த பறவை மாதிரி ஒரு சிறு குறி நிற்கும். நம் பலகையில் அலிபும் இல்லை, வளையமும் இல்லை, வாவும் இல்லை. ஈரான் ஒன்றுதான் எஞ்சியது.

இதோடு விட்டிருந்தாலும் போதும். ஆனால் ஒரு சொல்லை வைத்து நாட்டைச் சொல்ல எனக்குத் தயக்கம். வெளியூரில் பிழைக்கப் போனவர்களும் தங்கள் மொழியில் பலகை வைப்பார்கள். இஸ்தான்பூலின் பாதிஹ் பகுதியில் சிரியர்களின் அறபுப் பலகைகளும், லொஸ் ஏஞ்சலிஸில் ஈரானியரின் பாரசீகப் பலகைகளும் உண்டு. எனவே பலகையின் அடியிலுள்ள தொலைபேசி இலக்கத்தைப் பார்த்தேன். ஐந்து என்ற இலக்கத்தை அறபு நாட்டவர் சிறு வட்டமாக எழுதுவார்கள், ஈரானியர் தலைகீழான இதயம் போல எழுதுவார்கள். இங்கே இதயம்தான் இருந்தது. கைத்தொலைபேசி எண் 09 என்று தொடங்கியது. சிரியாவிலும் 09 தான் என்பதால் முதலில் குழம்பினேன். எண்ணிப் பார்த்தால் பதினொரு இலக்கம். சிரியாவில் பத்துதான். அதற்கு மேலே கடையின் நிலையான தொலைபேசி, 083 என்று ஆரம்பிக்கிறது. அது ஈரானின் கிர்மான்ஷா மாகாணத்துக் குறியீடு.

ஈராக் எல்லையை ஒட்டிய அந்த மாகாணத்தில் 2017 நவம்பரில் பெரிய பூமியதிர்ச்சி நடந்தது. படம் அப்போது எடுத்ததாக இருக்கலாம். ஆனால் பலகை இடத்தைச் சொல்லுமே தவிரக் காலத்தைச் சொல்லாது. இன்னொன்று, அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் குர்திகள். ஆனாலும் பலகை பாரசீகத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தின் மொழியும் அரசாங்கத்தின் மொழியும் எதுவோ, பலகையிலும் பெரும்பாலும் அதுவே வரும். வீட்டுக்குள் பேசும் மொழியைப் பலகையிலிருந்து ஊகிக்கப் போனால் தவறிவிடும்.

தம்பியைக் கூப்பிட்டு, படத்தைப் பெரிதாக்கி, வாவ் இல்லாத இடத்தை விரலால் காட்டினேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. “சேர், படம்தான் பிழை, சிரியாவில் அழிவு நடந்தது உண்மைதானே” என்றார். உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுப்பவர் பார்ப்பது இந்தப் படத்தைத்தான். நாளை ஒருத்தர் இது ஈரான் என்று காட்டினால், சிரியாவில் நடந்ததையும் அவர் நம்பமாட்டார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரவு குழுவில் அந்தப் படம் நீக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை வசூல் நடந்தது, படமில்லாமல்.