திருடனுக்குப் பிடித்த கார் எது?

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், சர்வீஸ் செலவு கேட்பார்கள். "இந்த மாடல் அதிகம் திருடு போகுமா?" என்று கேட்பவர் குறைவு. அப்படிக் கேட்டாலும் மாடல் பெயரை வைத்துச் சொல்லும் பதில் பாதிதான் சரியாக இருக்கும். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களுக்கு நடந்ததைப் பார்த்தால் இது புரியும்.

2021-இல் மில்வாக்கி நகரில் பள்ளி வயதுப் பையன்கள் இந்த இரண்டு நிறுவனங்களின் கார்களாகப் பார்த்துத் திருட ஆரம்பித்தார்கள். மறு ஆண்டு அந்த வித்தை டிக்டாக் வீடியோவாக நாடு முழுக்கப் பரவியது. பின் கண்ணாடியை உடைத்து உள்ளே போவது, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பிய்ப்பது, சாவி போடும் பூட்டை நெம்பி எடுப்பது, உள்ளே தெரியும் முனையை யு.எஸ்.பி. கேபிளின் தலையால் திருகுவது. அவ்வளவுதான், வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். கேபிளில் மின்சாரமோ மந்திரமோ எதுவும் இல்லை. அந்த முனைக்கு அது அளவாகப் பொருந்தியது, காருக்குள்ளேயே கிடைத்தது.

வேறு கார்களில் இது ஏன் பலிக்கவில்லை? இம்மொபிலைசர் இருந்ததால். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கும். அதற்கு பேட்டரி தேவையில்லை. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதைத் தட்டி எழுப்பி ரகசிய எண்ணைக் கேட்கும். எண் சரியாக வந்தால்தான் இன்ஜினை இயக்கும் கணினி அனுமதி தரும். பூட்டைத் திருகலாம், உடைக்கலாம்; எண் இல்லாமல் இன்ஜின் ஓடாது. 2015 மாடல் ஆண்டில் அமெரிக்காவில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்துக்கு இது அடிப்படை வசதியாகவே வந்தது. ஹூண்டாய், கியாவில் 26 சதவீதத்துக்குத்தான் வந்தது.

அதே மாடலில் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் விலை கூடிய வேரியன்ட்டில் இம்மொபிலைசர் இருந்தது. இந்தக் கேபிள் வித்தை அதனிடம் செல்லவில்லை. சாவியைத் திருகும் பேஸ் மாடல்தான் மாட்டிக்கொண்டது. எல்லை தாண்டி கனடாவுக்குப் போனால் பேஸ் மாடலும் தப்பித்தது, ஏனென்றால் அங்கே 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் சட்டப்படி கட்டாயம். ஆக, பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் திருட்டு ஆபத்து ஒன்றாக இல்லை.

2023 பிப்ரவரியில் நிறுவனங்கள் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவித்தன. ரிமோட் சாவியால் பூட்டினால் ஸ்டார்ட் ஆவதே தடைப்படும். அலாரமும் 30 விநாடிக்குப் பதில் ஒரு நிமிடம் அலறும். திருத்தம் போட்ட வண்டிகளில் திருட்டுக் கோரிக்கைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகப் பின்னர் கணக்கெடுத்தார்கள். ஆனால் ரிமோட்டை அழுத்தாமல் கதவின் உள்பொத்தானால் பூட்டிவிட்டுப் போனால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. தவிர, உள்ளே திருத்தம் போட்டிருப்பது வெளியே நிற்கும் பையனுக்குத் தெரியுமா? அவன் கண்ணாடியை உடைத்துப் பார்த்த பிறகுதான் கிளம்புவான். போலீஸார் இலவசமாகக் கொடுத்த இரும்பு ஸ்டீயரிங் லாக்குக்கு அதனால்தான் மதிப்பு. அது கண்ணில் படும்.

கனடா நிம்மதியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சிறுவர்கள் போன இடத்தில் கும்பல்கள் வந்தன. வீட்டு வாசலில் நிற்கும் டொயோட்டா ஹைலேண்டர், ஹோண்டா சிஆர்-வி போன்றவை காணாமல் போய், மான்ட்ரியல் துறைமுகம் வழியாகக் கன்டெய்னரில் கடல் தாண்டின. இவர்கள் எதையும் நெம்புவதில்லை. சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டும் ஸ்மார்ட் கீ காரில், கார் அழைக்கும்போது ஓரிரு மீட்டருக்குள் இருக்கும் சாவி பதில் சொல்லும். ஒருவன் காரருகே, இன்னொருவன் வாசல் கதவருகே கருவியோடு நின்று அந்தச் சிக்னலை நீட்டித்துவிட்டால், ஹாலில் ஆணியில் தொங்கும் சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். வேறு வழியும் உண்டு. 2022-இல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 காரே திருடு போனது. முன்விளக்கின் வயரைப் பிரித்து, அதன் வழியாகக் காரின் உள் வலைப்பின்னலுக்குப் பொய்யான கட்டளை அனுப்பித் திறக்கலாம் என்பதை அவரும் நண்பரும் பிறகு கண்டுபிடித்தார்கள்.

இங்கேதான் நிறுத்துமிடம் முக்கியமாகிறது. தெருவை ஒட்டிய தனி வீடு, வாசலிலேயே கார், கதவுக்குப் பின்னாலேயே சாவி என்றால் ஸ்மார்ட் கீ வேரியன்ட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் யோசிக்கலாம். அல்லது அசையாமல் வைத்தால் சிக்னல் அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும் சாவியா என்று ஷோரூமில் கேட்கலாம். நாலாவது மாடி ஃபிளாட்டில் குடியிருந்து அடித்தளத்தில் நிறுத்துபவருக்குச் சாவிச் சிக்னலைத் திருடும் ஆபத்து குறைவு. ஆனால் டிராக்கர் அவருக்கு அங்கே பெரிதாக உதவாது. ஜி.பி.எஸ். வானத்தைப் பார்க்க வேண்டும், சிம்முக்கு டவர் கிடைக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு அடியில் இரண்டும் தடுமாறும். திருடனும் வண்டியை இப்படி ஒரு மூடிய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டால் அதே கதிதான். பேட்டரி வயரில் நேரடியாக இணைத்த டிராக்கரை, பேட்டரியைக் கழற்றியே ஊமையாக்கலாம். உள்ளே சொந்த பேட்டரி வைத்த கருவி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எப்படியும் டிராக்கர் திருட்டைத் தடுப்பதில்லை, போனதைத் தேடத்தான் உதவும்.

இந்தியாவில் இப்போது வரும் புதுக் கார்களில் பெரும்பாலும் இம்மொபிலைசர் உண்டு. சந்தேகம் எழுவது பழைய காரிலும் பைக்கிலும்தான். பழைய கார் பார்க்கப் போனால் சாவிக்கடையில் வெட்டிய சாதாரண டூப்ளிகேட் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். அதைப் போட்டு இன்ஜின் ஓடினால் இம்மொபிலைசர் இல்லை, அல்லது யாரோ அதைச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். பைக்கில் கதை வேறு. நூற்றைம்பது கிலோ வண்டியை நாலு பேர் தூக்கி மினி லாரியில் போட்டுவிடுவார்கள்; எந்தச் சிப்பும் அதைத் தடுக்காது. ராத்திரி தெருவில்தான் நிறுத்த வேண்டுமென்றால், சக்கரத்தையும் நகராத ஒரு கம்பத்தையும் சேர்த்துப் போடும் தடித்த சங்கிலி எந்த மின்னணுக் கருவியைவிடவும் உருப்படி.

கருவி மாட்டினால் இன்சூரன்ஸ் குறையும் என்பார்கள். குறையும்தான், எவ்வளவு என்று பாருங்கள். ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 500 ரூபாய் என்பது பழைய கட்டண விதி. அந்தப் பிரீமியம் 12,000 ரூபாய் என்றால் மிச்சம் 300. டிராக்கரின் சிம் கட்டணத்துக்கே அது போதாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குத் திருட்டுக்குப் பைசா கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும் கோரிக்கையின்போது எஃப்.ஐ.ஆரோடு வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். பழைய கார் விற்பவர் "ஒரு சாவிதாங்க இருக்கு, இன்னொண்ணு தொலைஞ்சிடுச்சு" என்றால், கம்பெனியில் பழைய சாவிகளின் பதிவை அழித்துப் புதிதாக இரண்டு சாவி எழுதி வாங்கும் செலவை விலையிலேயே கழித்துவிடுங்கள்.